முதியோர் உதவித்தொகை: எந்த வயதில் எது, வயதுக்கு எதைக் காட்டுவது

"தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்போ எனக்கு நல்லா விவரம் தெரியும் சார். எங்க வீட்டுக் கூரை போச்சு" என்றார் அந்தப் பாட்டி. கையில் இருந்த ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு 1968. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பரில். அட்டையின்படி பார்த்தால், அவர் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு பறந்துபோன கூரையை அவர் நினைவில் வைத்திருக்கிறார்.

தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவன் நான். முதியோர் உதவித்தொகைக்கு வருபவர்களில் ஏழ்மையை நிரூபிக்க முடியாமல் திரும்பிப் போனவர்கள் குறைவு. வீட்டைப் பார்த்தாலே வி.ஏ.ஓ.வுக்குத் தெரிந்துவிடும். திரும்பிப் போகிறவர்களில் பலர் வயதில்தான் மாட்டுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வயதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே சொல்கிறேன்.

முதலில், எந்தத் திட்டம் எந்த வயதில்

எல்லோரும் "ஓ.ஏ.பி." என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே பல திட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தொடங்கும் வயது வேறு. மனு எழுதும்போது திட்டத்தின் பெயரைத் தப்பாகப் போட்டாலே ஒரு சுற்று வீணாகும்.

பொதுவான முதியோர் உதவித்தொகை 60 வயதில் தொடங்குகிறது. ஆண், பெண் இருவருக்கும் இதுதான். தமிழ்நாடு அரசு 1962இலேயே முதியோருக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கிவிட்டது. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தன் திட்டத்தைத் தொடங்கியபோது 65 வயது கேட்டது. 2007இல் அதற்கு இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயர் வந்தது. 65 என்பது 60 ஆனது 2011 ஏப்ரல் முதல் தேதியில். இன்னமும் சில கிராமங்களில் "அறுபத்தஞ்சு ஆனாத்தான் தருவாங்க" என்று சொல்வது அந்தப் பழைய விதியின் மிச்சம். அதை நம்பி ஐந்து வருடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொகையைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 80 வயதானால் கூடுதலாகக் கிடைக்கும் என்று பலர் கேட்டு வருகிறார்கள். மத்திய அரசு தன் பங்காக 60 முதல் 79 வயது வரை 200 ரூபாயும், 80க்கு மேல் 500 ரூபாயும் தருகிறது. மீதியைப் போட்டு நிரப்புவது மாநில அரசு. தமிழ்நாட்டில் 2011இல் 1,000 ரூபாயாக இருந்தது 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. 80 ஆனதும் மத்திய அரசின் பங்கு கூடும், மாநிலத்தின் பங்கு அந்த அளவுக்குக் குறையும். பாட்டியின் கைக்கு வருவது அதே தொகைதான். எனவே 80ஐ நிரூபிக்க என்று தனியாக அலைய வேண்டியதில்லை.

பெண்களுக்கு 60க்கு முன்பே திறக்கும் கதவுகள் சில உண்டு. இது தெரியாமல் 60 வரை காத்திருப்பவர்கள் அதிகம். கணவர் இறந்து, ஆதரவு இல்லாமல் இருக்கும் பெண்ணுக்கு மாநில அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகை 18 வயதிலிருந்தே உண்டு. மத்திய அரசின் விதவை ஓய்வூதியம் 40 வயதில் தொடங்கி 79 வரை; அதற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். 80 ஆனதும் அவர் முதியோர் திட்டத்துக்கு மாற்றப்படுவார். இரண்டிலும் கணவரின் இறப்புச் சான்றிதழ்தான் முக்கியமான தாள். மறுமணம் செய்திருக்கக் கூடாது.

கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது குறைந்தது ஐந்து வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் பெற்ற பிரிவுச் சான்று வேண்டும். திருமணமே ஆகாத ஏழைப் பெண்ணுக்கு 50 வயதில் கிடைக்கும். இது 2008இல் வந்தது. அண்ணன் வீட்டிலோ தம்பி வீட்டிலோ ஒரு மூலையில் இருக்கும் அத்தைமார்கள் இப்படி ஒரு திட்டம் இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. 55 வயதில் என்னிடம் வந்து "அறுபதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கே" என்று கேட்ட அத்தைக்கு, "உங்களுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

கட்டடத் தொழிலாளர் போன்ற நல வாரியங்களில் பதிவு செய்து, அதைப் புதுப்பித்தும் வந்தவர்களுக்கு 60 வயதில் வாரியமே ஓய்வூதியம் தருகிறது. வாரியப் பணமும் முதியோர் உதவித்தொகையும் சேர்த்து வாங்க முடியாது. அதே போல, மகளிர் உரிமைத் தொகை வாங்குபவர் முதியோர் உதவித்தொகைக்கு மாறலாம், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. இதை மறைத்து மனு கொடுத்தால் ஆதார் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

அடல் ஓய்வூதியம், பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் என்று கேட்டு வருபவர்களும் உண்டு. அவை இரண்டும் 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்து, மாதாமாதம் பணம் கட்டி, 60இல் வாங்குபவை. 62 வயதில் போய்ச் சேர முடியாது. உங்கள் மகனுக்கோ மருமகளுக்கோ வேண்டுமானால் பாருங்கள்.

எல்லைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்காக ஒன்று. புதுச்சேரி அரசின் முதியோர் உதவித்தொகை 55 வயதிலேயே தொடங்குகிறது. ஆனால் அது அங்கே வசிப்பவர்களுக்கு. கடலூரில் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு அங்கே கேட்க முடியாது.

வயதுக்கு எந்தத் தாள்

மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ். அவை இல்லாவிட்டால் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும். அதுவும் சரியாக இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையின் மருத்துவர் கொடுக்கும் வயதுச் சான்று. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் யாராவது "பிறப்புச் சான்றிதழ் இல்லாம ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால், அதற்கடுத்த படிகளும் உண்டு என்று மரியாதையாகச் சொல்லலாம்.

பிறப்புச் சான்றிதழ் 60 வயதுக்காரரிடம் பெரும்பாலும் இருக்காது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. அதற்கு முன்பும் பதிவு இருந்தது, ஆனால் வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவத்தை எத்தனை பேர் போய்ப் பதிந்தார்கள்? சமீபத்தில் பிறப்புச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் ஒரே ஆவணம் என்று செய்தி வந்ததும் பல முதியவர்கள் பதறிவிட்டார்கள். அந்த விதி 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு. பேரப்பிள்ளைகளின் கவலை அது, உங்களுடையது அல்ல.

பள்ளிச் சான்றிதழ்தான் நடைமுறையில் கிடைக்கக்கூடிய பலமான தாள். "நான் படிக்கவே இல்லையே" என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் இரண்டாவது, மூன்றாவது வரை போயிருப்பார்கள். ஒரு நாள் சேர்ந்திருந்தாலும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் பிறந்த தேதியும் ஏறியிருக்கும். தலைமை ஆசிரியருக்கு ஒரு மனு எழுதி, எந்த வருடவாக்கில் சேர்ந்தார், அப்பா பெயர் என்ன, எந்தத் தெரு என்று குறிப்பிட்டுக் கேட்டால், பதிவேட்டைப் பார்த்துப் பதிவுத் தாள் கொடுப்பார்கள். ஊரில் இதை "ரெக்கார்டு ஷீட்" என்பார்கள். பள்ளி மூடப்பட்டிருந்தாலோ வேறு பள்ளியோடு சேர்ந்திருந்தாலோ, பதிவேடு எங்கே இருக்கிறது என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்க வேண்டும். பள்ளியில் அப்போது போட்ட தேதி பெரும்பாலும் வாத்தியார் குத்துமதிப்பாக எழுதியதுதான். ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் இந்த நாட்டில் இத்தனை பேரா என்று தோன்றும். அது பரவாயில்லை, அரசுப் பதிவேட்டில் பல வருடம் முன்பே ஏறிவிட்ட தேதி என்பதுதான் அதன் பலம்.

வாக்காளர் அட்டையைப் படிக்க ஒரு சின்னக் கணக்கு தெரிய வேண்டும். பழைய அட்டைகளில் பிறந்த தேதி இருக்காது. "1.1.1995 அன்று வயது 34" என்பது போல இருக்கும். அதை "வயது 34" என்று மட்டும் படித்துவிட்டு ஒதுக்கிவைத்தவர்கள் உண்டு. 1995 தொடக்கத்தில் 34 என்றால் அவர் பிறந்தது 1960 ஜனவரி 2க்கும் 1961 ஜனவரி 1க்கும் இடையில். பழைய அட்டைக்குத்தான் மதிப்பு அதிகம். உதவித்தொகை என்ற நினைப்பே இல்லாத காலத்தில் எழுதிய வயது அது. போன வருடம் திருத்தி வாங்கிய அட்டையைப் பார்த்தால் வருவாய் ஆய்வாளருக்குச் சந்தேகம்தான் வரும். பழைய அட்டை தொலைந்திருந்தால், அந்தக் கால வாக்காளர் பட்டியலின் நகல் கிடைக்கிறதா என்று பாருங்கள். ரேஷன் கார்டுக்கும் இதே கணக்குதான். பழைய தாள் கார்டில் குடும்பத்தினரின் வயது எழுதியிருக்கும். கார்டு வழங்கிய வருடத்திலிருந்து அந்த வயதைக் கழித்தால் பிறந்த வருடம் வரும். ஸ்மார்ட் கார்டு வந்ததும் பழையதைக் கிழித்துப் போட்டவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

மருத்துவரின் வயதுச் சான்று கடைசிப் படி. இதை எளிய வழி என்று நினைத்து முதலிலேயே போகாதீர்கள். எலும்பு வளர்ச்சியை எக்ஸ்ரேயில் பார்த்து வயது சொல்வது இளம் வயதில் ஓரளவு துல்லியமாக இருக்கும். வளர்ச்சி முடிந்து பல வருடம் ஆனவருக்கு 58ஆ 61ஆ என்று எந்த எக்ஸ்ரேயும் பிரித்துச் சொல்லாது. மருத்துவர் உடல்நிலையைப் பார்த்து ஒரு மதிப்பீடுதான் தருவார். பார்த்தாலே எழுபது எழுபத்தைந்து என்று தெரிகிறவருக்கு இது நன்றாக உதவும். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு உதவாது. வெயிலில் உழைத்து முகம் சுருங்கியவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் எழுதிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

ஆதார்தான் முடிச்சு

இந்த வரிசையில் ஆதாரைச் சொல்லவே இல்லையே என்று நினைப்பீர்கள். ஆதார் அட்டை பிறந்த தேதிக்கான சான்று ஆகாது என்று ஆதார் ஆணையமே சொல்லியிருக்கிறது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், இறந்தவரின் வயதுக்கு ஆதாரை விடப் பள்ளிச் சான்றிதழே சரி என்று உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் இ-சேவை மையத்துக்குப் போனால் கதை வேறு. உதவித்தொகை மனுவை இப்போது கணினியில்தான் ஏற்றுகிறார்கள். நான் பார்த்த வரை, ஆதாரில் இருக்கும் தேதிதான் மனுவில் வந்து உட்காருகிறது. அது 60ஐத் தொடவில்லை என்றால், பையில் பள்ளிச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. சட்டப்படி ஆதார் வயதுச் சான்று அல்ல, நடைமுறையில் அதைத் தாண்டாமல் போகவும் முடியாது. இந்த முரண்பாட்டை நான் தீர்த்துவைக்க முடியாது. சுற்றிப் போகும் வழியைத்தான் சொல்ல முடியும்.

ஆதாரில் தேதி தப்பானதற்கு ஒரு காரணம் ஊர் ஊராக நடந்த ஆரம்பகாலப் பதிவு முகாம்கள். ஆவணம் இல்லாதவரிடம் வாயால் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அப்படிப் பதிந்த பல அட்டைகளில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும், தேதி இருக்காது. உங்கள் அட்டையும் அப்படி இருந்தால், ஆவணம் பார்க்காமல் பதிந்தது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பிறந்த தேதியைத் திருத்த ஆதார் சேர்க்கை மையத்துக்கு நேரில் போக வேண்டும். 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். மிக முக்கியமான விஷயம்: பிறந்த தேதியை ஒரு முறைதான் சாதாரணமாக மாற்ற முடியும். இரண்டாவது முறை என்றால் ஆணையத்தின் மண்டல அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். எனவே கையில் உறுதியான தாள் இல்லாமல் அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள். எந்தெந்தத் தாளை ஏற்பார்கள் என்ற பட்டியல் அவ்வப்போது மாறுகிறது. மையத்தில் கேட்டு, உங்களிடம் இருக்கும் தாள் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மனு கொடுங்கள். தாளில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். பள்ளியில் "மாரியாயி" என்றும் ஆதாரில் "மாரியம்மாள்" என்றும் இருந்தால் திருப்பிவிடுவார்கள்.

ஏற்கத்தக்க எந்தத் தாளும் இல்லாதவருக்கு நீண்ட வழி ஒன்று இருக்கிறது: பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்வது. பிறந்த ஊரின் பதிவாளரிடம், பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்றை முதலில் வாங்க வேண்டும். பிறகு கையில் இருக்கும் பழைய தாள்களை இணைத்துக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். விசாரணைக்குப் பிறகு அவர் உத்தரவு போட்டால் பதிவு செய்து சான்றிதழ் தருவார்கள். மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அதன் பிறகு வயதைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பாட்டியின் தாள்களை வைத்து ஒரு கணக்கு

புயல் பாட்டிக்கு வருவோம். 2025 தொடக்கத்தில் வந்தார். வீட்டில் இருக்கும் எல்லாத் தாளையும் எடுத்துவரச் சொன்னேன். பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து மூன்று வந்தன.

ஆதாரில் பிறந்த ஆண்டு 1968. அதாவது 57 வயது. 60 ஆக 2028 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். பழைய வாக்காளர் அட்டையில் 1.1.1995 அன்று 34. அதன்படி பிறந்தது 1960இல். 2005இல் கொடுத்த ரேஷன் கார்டில் வயது 45. அதுவும் 1960ஐத்தான் காட்டுகிறது. இரண்டு பழைய தாள்கள் ஒன்றாக நிற்கின்றன, ஆதார் மட்டும் எட்டு வருடம் தள்ளி நிற்கிறது. புயல் நினைவை எந்த அலுவலகத்திலும் சான்றாகக் காட்ட முடியாதுதான், ஆனால் எந்தத் தாளை நம்புவது என்று எனக்குச் சொன்னது அதுதான்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, உடனே இ-சேவைக்கு ஓடி மனு போடுவது. வயது குறைவு என்று தள்ளுபடி ஆகும். பாட்டியின் மகன் அதற்கு முந்தைய வருடம் ஏற்கெனவே அதைச் செய்திருந்தார். இன்னொரு தவறு, "60 ஆகிற மாதிரி" ஒரு தேதியைச் சொல்லி ஆதாரைத் திருத்தப் பார்ப்பது. 1964 என்று மாற்றினால் வாக்காளர் அட்டையோடும் ஒட்டாது, ரேஷன் கார்டோடும் ஒட்டாது. வி.ஏ.ஓ. மூன்று தாளையும் மேசையில் பரப்பினால் இரண்டு தாள் ஒரு வருடம் சொல்லும், ஆதார் வேறு வருடம் சொல்லும். அப்புறம் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பாட்டி மூன்றாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்திருந்தார். தலைமை ஆசிரியர் முதலில், அவ்வளவு பழைய பதிவேடு இருக்காது என்றார். இரண்டாம் முறை போனபோது பீரோவின் அடியில் இருந்தது. பிறந்த தேதி 12.6.1960. சரி, இதை மற்றத் தாள்களோடு பொருத்திப் பார்ப்போம். 1960 ஜூனில் பிறந்தவருக்கு 1995 ஜனவரி 1 அன்று 34 முடிந்திருக்கும். வாக்காளர் அட்டை சரி. 2005 ஜூனில் 45. ரேஷன் கார்டும் சரி. 60 முடிந்தது 2020 ஜூன் 12 அன்று. நான்கரை வருடத் தொகை ஏற்கெனவே போய்விட்டது. ஆதாரைத் திருத்தாமல் 2028 ஜனவரி வரை காத்திருந்தால், இன்னும் 36 மாதத்துக்கு மாதம் 1,200 வீதம் 43,200 ரூபாய் போயிருக்கும்.

பதிவுத் தாளில் அப்பாவின் இனிஷியலும் ஆதாரில் கணவரின் இனிஷியலும் இருந்தன. பெயர் ஒன்றாக இருந்தது. இனிஷியல் ஏன் வேறு என்று மனுவில் ஒரு வரி எழுதினோம். ஆதார் திருத்தம் முடிந்து புதிய தேதி ஏறியதும், அதை வைத்து ரேஷன் கார்டிலும் வயதைச் சரிபார்த்தோம். அதன் பிறகுதான் இ-சேவைக்குப் போனோம்.

மனு போன பிறகு

இ-சேவை மையத்தில் ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம் ஆகியவற்றை ஏற்றுவார்கள். பள்ளிப் பதிவுத் தாளையும் சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். மனு எண் கொண்ட ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மனு முதலில் வி.ஏ.ஓ.விடம் போகும், பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர். உத்தரவு போடுவது அவர். வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள். சொத்து மதிப்பு ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருக்கிறதா, பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா, வேறு உதவித்தொகை வாங்குகிறாரா என்று கேட்பார்கள். அப்போது வயதைக் கேட்டால் முதியவரே சரியாகச் சொல்ல வேண்டும். "அம்பத்தஞ்சு இருக்கும்" என்று பழக்கத்தில் உளறி, எல்லாத் தாளும் சரியாக இருந்தும் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். பிறந்த வருடத்தையாவது மனப்பாடம் செய்ய வையுங்கள்.

தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வயது போதவில்லை என்பது காரணமானால், எந்தத் தாளை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும். அதற்குப் பதிலாகப் பலமான தாளை இணைத்து மறுபடி மனு போடலாம். அதே தாள்களோடு திரும்பத் திரும்பப் போடுவதால் எதுவும் மாறாது. தாள்கள் சரியாக இருந்தும் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். அங்கே கொடுக்கும்போது எல்லாத் தாள்களின் வருடக் கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதி மேலே வையுங்கள். "வாக்காளர் அட்டைப்படி 1960, ரேஷன் கார்டுப்படி 1960, பள்ளிப்படி 12.6.1960" என்று மூன்று வரி போதும். கட்டாகக் கொடுத்தால் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

உத்தரவு வந்தால் பணத்தோடு ரேஷன் கடையில் அரிசியும் உண்டு; சத்துணவு மையத்தில் சாப்பிடாதவருக்கு மாதம் 4 கிலோ, சாப்பிடுபவருக்கு 2 கிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலை. இவற்றை யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை, கேட்டு வாங்க வேண்டும்.

பாட்டிக்கு உத்தரவு வந்தது. பணம் கொண்டுவந்த வங்கி முகவரின் கருவியில் கட்டைவிரல் ரேகை பதியவில்லை. நாற்று நட்டுத் தேய்ந்த விரல். ஈரத் துணியால் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார்கள். இடது கை மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் பாட்டி அந்த விரலைத்தான் முதலில் நீட்டுகிறார்.